கல்லூரிக்கு ஒரு கணக்கு, கல்யாணத்துக்கு ஒரு கணக்கு

மகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் சேர்க்கும் பணத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் ஒரே தொகையாகத்தான் எண்ணுகின்றன. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு இயல்புடைய செலவுகள். கல்லூரிக் கட்டணத்தின் தேதி உறுதியானது. மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் ஆண்டின் கோடையில் பணம் கையில் இருந்தாக வேண்டும். சந்தை இறங்கியிருக்கிறது என்று கலந்தாய்வைத் தள்ளிப்போட முடியாது. திருமணத்தில் நிலைமை மாறுகிறது. எவ்வளவு செலவு செய்வது என்பது குடும்பத்தின் கையில் இருக்கிறது, தேதிதான் தெரியாது. 26 வயதில் என்று நினைத்திருக்கும்போது 24-லேயே நல்ல வரன் அமைந்து, மூன்று மாதத்தில் முகூர்த்தம் குறிக்கப்படலாம். படிப்புப் பணத்துக்குத் தேதி தெரியும், தொகை தெரியாது; திருமணப் பணத்துக்குத் தொகையை முடிவுசெய்யலாம், தேதியை முடிவுசெய்ய முடியாது. முதலீட்டின் ஆபத்தைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை இந்த வேறுபாட்டிலிருந்துதான் அமைக்க வேண்டும்.

பத்தாண்டு என்பது பங்குச் சந்தையை ஒதுக்கிவிடக்கூடிய அளவுக்குக் குறைந்த காலம் அல்ல. முழுதாக நம்பிவிடக்கூடிய அளவுக்கு நீண்ட காலமும் அல்ல. கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் உயரும் என்று வைத்துக்கொண்டால், வரி போக 5 சதவீதம் தரும் வைப்புநிதியில் மட்டும் பணம் போடுபவர் ஒவ்வோர் ஆண்டும் பின்தங்குகிறார். அதனால் ஒரு பகுதி பங்குகளில் இருக்க வேண்டியிருக்கிறது. மறுபக்கம், 2008 ஜனவரி உச்சத்திலிருந்து அதே ஆண்டு அக்டோபருக்குள் நிஃப்டி குறியீடு ஏறத்தாழ 60 சதவீதம் விழுந்தது. 2010 இறுதியில் அந்த உச்சத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் இறங்கியது; நிலையாகக் கடக்க 2013-இன் கடைசி மாதங்கள் வரை ஆயிற்று. 2020-இல் கொரோனா வந்தபோது ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23-க்குள் 38 சதவீதம் சரிந்தது. அந்த முறை சில மாதங்களிலேயே மீண்டது. அடுத்த சரிவு இவ்விரண்டில் எதைப் போல நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது.

சரிவின் சதவீதம் ஒன்றாக இருந்தாலும், அது எந்த ஆண்டில் வருகிறது என்பதைப் பொறுத்து ரூபாய்க் கணக்கு தலைகீழாக மாறுகிறது. படிப்படியாக வெளியேறும் முறையின் அடிப்படைக் காரணம் இதுவே. திருச்சியில் எட்டு வயது மகளை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அந்தக் குடும்பம் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு விடுதிச் செலவையும் சேர்த்து இன்றைய விலையில் ஆண்டுக்கு 2.5 லட்சம், மொத்தம் 10 லட்சம் என மதிப்பிடுகிறது. ஆண்டுக்கு 8 சதவீத உயர்வில், பத்தாண்டு கழித்து முதலாண்டுச் செலவு 5.4 லட்சமாகிறது; நான்காம் ஆண்டுக்கு 6.8 லட்சம். நான்கையும் கூட்டினால் 24 லட்சத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் அது முழுவதும் முதல் நாளே தேவையில்லை. கல்லூரி திறக்கும்போது 22 லட்சம் இருந்து, மீதி 6.5 சதவீத வட்டியில் வளர்ந்துகொண்டிருந்தால் நான்கு ஆண்டுக்கும் போதும். ஆக, இலக்கு 22 லட்சம்.

பங்குகள் நீண்ட காலத்தில் 11 சதவீதமும் பாதுகாப்பான முதலீடுகள் 6.5 சதவீதமும் தரும் என்பது இந்தக் கணக்கின் அனுமானம். முதல் ஐந்தாண்டு பணத்தில் 70 சதவீதம் பங்கு சார்ந்த ஃபண்டில், 30 சதவீதம் பாதுகாப்பான இடத்தில். ஆறாம் ஆண்டு தொடங்கும்போது பங்கின் பகுதி 55 சதவீதமாகிறது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் 15 புள்ளி குறைகிறது: ஏழாம் ஆண்டில் 40, எட்டாம் ஆண்டில் 25, ஒன்பதாம் ஆண்டில் 10. கடைசி ஆண்டில் பங்கில் ஒரு ரூபாயும் இல்லை. இந்த அமைப்பில் மாதம் 12,000 ரூபாய் போட்டுவந்தால் பத்தாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 21.85 லட்சம் சேரும். கையிலிருந்து போவது 14.4 லட்சம். தொடக்கத்திலேயே 12,000 கடினம் என்றால் 8,800-இல் தொடங்கி ஆண்டுதோறும் 8 சதவீதம் கூட்டிக்கொண்டே போகலாம். பத்தாம் ஆண்டில் அது மாதம் 17,600 ஆகியிருக்கும். சம்பளம் ஒழுங்காக உயரும் வேலையில் இருப்பவருக்கு இந்த வழி இசைவானது. வருமானம் ஏறி இறங்கும் தொழிலில் இருப்பவர் முதல் வழியை எடுத்துக்கொள்வதே நல்லது.

இப்போது 2020-இல் வந்தது போல ஒரு 38 சதவீதச் சரிவை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவரலாம். அது இரண்டாம் ஆண்டின் முடிவில் வந்தால், கையிருப்பு ஏறத்தாழ 3.16 லட்சம், பங்கில் 2.2 லட்சம், இழப்பு 84,000. மாதத் தவணையில் ஏழு மாதம். மீள்வதற்கு எட்டாண்டு மிச்சம் இருக்கிறது. அந்தக் காலத்தில் குறைந்த விலையில் யூனிட்டுகளும் கூடுதலாகச் சேரும். அதே சரிவு ஒன்பதாம் ஆண்டு முடிவில் வருகிறது, குடும்பம் 70 சதவீதத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறது என்று கொள்வோம். கையிருப்பு 20 லட்சத்தைத் தாண்டியிருக்கும், பங்கில் 14.1 லட்சம். இழப்பு 5.4 லட்சம். கிட்டத்தட்ட முதலாண்டுச் செலவு முழுவதும் போய்விட்டது, மீள்வதற்கு இருப்பது ஒரே ஆண்டு. திட்டப்படி இறங்கியவர் அந்த நேரத்தில் பங்கிலேயே இல்லை. ஓராண்டு முன்பு, ஒன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் சரிவு வந்திருந்தாலும் அவர் இழப்பது 63,000 மட்டுமே.

படி இறங்குவது எப்படி

தேதியை முன்பே எழுதிவைத்து, அந்தத் தேதியில் சதவீதத்தைச் சரிசெய்வதுதான் முறை. சந்தை இப்போது உயரத்தில் இருக்கிறதா, தாழ்வில் இருக்கிறதா என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. இது கண்மூடித்தனமாகத் தோன்றும். எண்களை வைத்துப் பார்த்தால், சதவீதமே அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறது என்பது விளங்கும்.

ஐந்தாம் ஆண்டு முடிவில் திட்டப்படி கையிருப்பு 9.15 லட்சம், அதில் பங்கு 6.4 லட்சம். பங்கை 55 சதவீதத்துக்குக் கொண்டுவர 1.37 லட்சத்தை விற்றுப் பாதுகாப்பான பக்கம் மாற்ற வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் சந்தை 30 சதவீதம் இறங்கிவிட்டது என்றால், பங்கின் மதிப்பு 4.48 லட்சமாகவும் மொத்தம் 7.23 லட்சமாகவும் குறைந்திருக்கும். பங்கின் பகுதி ஏற்கெனவே 62 சதவீதம்தான். 55-க்கு வர விற்க வேண்டியது 50,000 மட்டும். சந்தை 20 சதவீதம் ஏறியிருந்தால் விற்க வேண்டியது 1.94 லட்சம். சதவீதத்தைப் பின்பற்றுபவர் விலை தாழ்ந்தபோது குறைவாகவும் உயர்ந்தபோது அதிகமாகவும் விற்கிறார். மாறாக, "ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் எடுப்பேன்" என்று தொகையை நிர்ணயித்தவர் சரிவில் தேவைக்கு மேல் விற்றுவிடுகிறார். இறங்கும் படியை ரூபாயில் எழுதாமல் சதவீதத்தில் எழுதுவது அதனால்தான் முக்கியம்.

ஒரே நாளில் விற்கத் தயங்குபவர், அந்த ஆண்டின் படியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துவிடலாம். ஒரே நிறுவனத்தின் பங்கு ஃபண்டிலிருந்து அதன் கடன் ஃபண்டுக்கு மாதாமாதம் குறிப்பிட்ட தொகை தானாக மாறும் வசதியை எல்லா மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களும் தருகின்றன, எஸ்.டி.பி. என்பது அதன் பெயர். அதைவிட எளிய வழியும் உண்டு. ஆறாம் ஆண்டிலிருந்து புதிதாகப் போடும் 12,000 ரூபாயை முழுதும் பாதுகாப்பான பக்கம் திருப்பிவிட்டால், எதையும் விற்காமலே பங்கின் பகுதி அந்த ஆண்டுக்குள் 60 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். மிச்சத்தை மட்டும் விற்றால் போதும்.

படிப்படியாக விற்பதில் வரிச் சேமிப்பும் இருக்கிறது. 2024 ஜூலை 23-க்குப் பிறகான விதிப்படி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகளை விற்றுக் கிடைக்கும் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். பத்தாம் ஆண்டில் எல்லாவற்றையும் ஒரேயடியாக விற்று 5 லட்சம் லாபம் காட்டினால் வரி 46,875 ரூபாய். அதே லாபத்தை நான்கைந்து ஆண்டில் பரப்பினால் வரியே இல்லாமல் போகலாம். இந்த விலக்கு ஒரு நபருக்கு ஒருமுறைதான். அதே பெற்றோர் வேறு பங்குகளை விற்றிருந்தால் அந்த லாபமும் இதில் சேரும்.

திட்டம் சரியாகப் போகிறதா என்று அறிய ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஐந்தாம் ஆண்டு முடிவில் 9.15 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 7.5 லட்சம்தான் இருக்கிறது என்று கொள்வோம். இங்கேதான் பல குடும்பங்கள் தடம் மாறுகின்றன: "இன்னும் இரண்டு வருடம் பங்கிலேயே விட்டால் எட்டிவிடும்" என்று படி இறங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். குறையை ஆபத்தால் நிரப்பப் பார்ப்பது இது. இந்த 1.65 லட்சக் குறையை அடுத்த ஐந்தாண்டில் நிரப்ப, மாதத் தவணையை 12,000-லிருந்து 15,300 ஆக்க வேண்டும். அது முடியாத குடும்பத்துக்குக் கல்விக் கடன் ஒரு கதவு. தகுதியான படிப்புகளுக்கு 7.5 லட்சம் வரை பிணை கேட்காமல் வங்கிகள் கடன் தரும் ஏற்பாடு இருக்கிறது. திருமணத்துக்கு அத்தகைய கடன் இல்லை. தனிநபர் கடனின் வட்டி மிகக் கூடுதல், திருப்பிச் செலுத்தும் அவகாசமும் குறைவு. எதிர்த் திசையில், சந்தை நன்றாக ஏறி எட்டாம் ஆண்டிலேயே இலக்கு கண்ணுக்கு எட்டிவிட்டால், மீதிப் படிகளை முன்கூட்டியே இறங்கிவிடுவது நல்லது. தேவைக்கு மேல் சம்பாதிக்க இந்தப் பணத்துக்கு வேலையில்லை.

பாதுகாப்பான பக்கம் எது

பத்து வயது நிறைவதற்குள் இருக்கும் பெண் குழந்தைக்கு முதலில் வரும் பெயர் செல்வமகள் சேமிப்புத் திட்டம். 2015-இல் தொடங்கப்பட்ட இதை அஞ்சலகத்திலும் வங்கியிலும் திறக்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை, 15 ஆண்டு செலுத்தலாம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. 2024 ஜனவரியில் அது 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வட்டிக்கு வரி இல்லை. இதைவிடக் கூடுதலாகத் தரும் பாதுகாப்பான இடம் சாதாரணக் குடும்பத்துக்கு எளிதில் கிடைப்பதில்லை.

ஆனால் இதன் பூட்டைக் கவனிக்க வேண்டும். கணக்கு திறந்த நாளிலிருந்து 21 ஆண்டு கழித்தே முதிர்கிறது. எட்டு வயதில் தொடங்கினால் மகளுக்கு 29 வயதாகும்போது. படிப்புக்காக, 18 வயது ஆனபின் அல்லது பத்தாம் வகுப்பு முடித்தபின், முந்தைய நிதியாண்டு இறுதியில் இருந்த தொகையில் பாதி வரை மட்டுமே எடுக்கலாம். 18 வயதுக்குப் பின் திருமணம் என்றால் கணக்கையே முடித்து முழுத் தொகையும் பெறலாம். எனவே கல்லூரி இலக்கின் பாதுகாப்பான பகுதி முழுவதையும் செல்வமகளில் போட்டுவிட்டு, முதலாண்டுக் கட்டணத்தின்போது பாதிதான் வரும் என்று அறிந்து திகைக்கும் குடும்பங்கள் உண்டு. இதைத் திருமணக் கணக்கின் அடித்தளமாக வைத்துக்கொண்டு, படிப்புக்கு அதன் ஒரு பகுதியை மட்டும் நம்புவதே பொருத்தம்.

கல்லூரிப் பணத்தின் பாதுகாப்பான பகுதிக்குத் தொடர் வைப்பு, வைப்புநிதி, குறுகிய காலக் கடன் ஃபண்ட் ஆகியவை போதும். கடன் ஃபண்ட் என்றாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. 2020 ஏப்ரலில் ஒரு பெரிய மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் தன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் நிறுத்தியது. பிறகு பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது என்றாலும், அந்த மே மாதத்தில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு அது உதவியிருக்காது. கூடுதல் வட்டிக்காகத் தரம் குறைந்த நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் ஃபண்டுகள் இந்த இலக்குக்கு உரியவை அல்ல. வருவாய் சக ஃபண்டுகளைவிட ஒன்றிரண்டு சதவீதம் தொடர்ந்து மேலே இருப்பதே அதற்கான அடையாளம்.

கடைசி ஆண்டில் பணத்தை நான்கு வைப்புகளாகப் பிரிக்கலாம். முதலாவது, கலந்தாய்வுக்கு முன்பே கைக்கு வருமாறு மே மாதத்தில் முதிர வேண்டும். மற்றவை ஒவ்வோர் ஆண்டு இடைவெளியில். வங்கி திவாலானால் வைப்புக் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் என்பதால், 22 லட்சத்தையும் ஒரே இடத்தில், குறிப்பாக அதிக வட்டி தரும் சிறிய வங்கியில், குவிக்காமல் இருப்பது நல்லது.

திருமணத்தின் கணக்கு

எட்டு வயதுச் சிறுமியின் திருமணம் பத்தாண்டில் வருவதில்லை. அதற்கான பத்தாண்டு அவளுக்குப் பதினான்கு, பதினைந்து வயதாகும்போதுதான் தொடங்குகிறது. பதினைந்து வயது மகள் இருக்கும் வீட்டில் இன்றே தொடங்கிவிட்டது. மண்டபம், சாப்பாடு, துணிமணி முதலிய பணச் செலவுக்கு மேலே சொன்ன அதே படிகள் பொருந்தும், ஒரு மாற்றத்துடன்: படிகளை எண்ண வேண்டிய தேதி, எதிர்பார்க்கும் தேதி அல்ல, நடக்கக்கூடிய மிக முந்தைய தேதி. 26 வயதில் திருமணம் என்று பேச்சு இருந்தாலும், 24-இல் பங்கு முழுவதும் வெளியே வந்திருக்க வேண்டும். திருமணம் தள்ளிப்போனால் இரண்டாண்டு வளர்ச்சி சற்றுக் குறையும். முந்தி வந்து, அது ஒரு சரிவோடு சேர்ந்துகொண்டால் ஏற்படும் நஷ்டம் அதைவிடப் பல மடங்கு.

தங்கம் தனி. குடும்பம் 15 பவுன் போட முடிவு செய்திருந்தால், அதன் கடமை ரூபாயில் இல்லை, கிராமில் இருக்கிறது: 120 கிராம். ரூபாயாகச் சேர்த்துவைத்து கடைசியில் வாங்கலாம் என்பவர், தங்கம் விலையேறும் ஆபத்து முழுவதையும் தலையில் ஏற்றுக்கொள்கிறார். மாதம் ஒரு கிராம் வீதம் பத்தாண்டு சேர்ப்பவருக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் முடிவில் 120 கிராம் இருக்கும். 2012 இறுதியிலிருந்து 2015 வரை தங்கம் இறங்கியபோது வாங்கியவர்கள் பலர் கவலைப்பட்டார்கள். மகளுக்குக் கிராம் கணக்கில் சேர்த்தவருக்கு அது மலிவான காலம். பங்கைப் போல இதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, ஏனெனில் தங்கமாகவே கொடுக்கப்போகும் குடும்பத்துக்குத் தங்கம்தான் பாதுகாப்பான சொத்து. திருமணத்தன்று விற்றுப் பணமாக்கும் எண்ணத்தோடு தங்கம் சேர்ப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்கு அது பங்கைப் போலவே ஏறி இறங்கும் முதலீடு.

நகையாக முன்கூட்டியே வாங்குவதில் ஒரு நஷ்டம் மறைந்திருக்கிறது. செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கிய நகையை, பத்தாண்டு கழித்து வடிவம் பழசாகிவிட்டது என்று மாற்றும்போது அந்தத் தொகை திரும்பி வராது. புதிய நகைக்கு மீண்டும் அதே செலவு. தங்க இ.டி.எஃப். யூனிட்டுகளிலோ நாணயமாகவோ சேர்த்து, திருமணத்துக்குச் சில மாதம் முன்பு ஒரே முறை நகையாக்கினால் செய்கூலி ஒருமுறையோடு முடியும். இ.டி.எஃப்.-ஐ விற்கும்போது லாபத்துக்கு வரி உண்டு என்பதால் அதற்கு ஓரளவு கூடுதலாகச் சேர்த்துவைக்க வேண்டும்.

இத்தனையும் சம்பாதிப்பவர் பத்தாண்டும் உயிரோடு இருப்பார் என்ற அனுமானத்தில் நிற்கிறது. மாதத் தவணை நின்றுபோனாலும் இலக்கு எட்டப்பட வேண்டுமானால், எஞ்சிய தவணைகளையும் குடும்பச் செலவையும் ஈடுகட்டும் தொகைக்கு டேர்ம் இன்சூரன்ஸ் தனியாக இருக்க வேண்டும். குழந்தையின் பெயரில் விற்கப்படும் காப்பீட்டுடன் கூடிய சேமிப்புப் பாலிசிகள் இரண்டு வேலையையும் அரைகுறையாகச் செய்கின்றன: காப்பீட்டுத் தொகை குறைவு, வருவாய் பெரும்பாலும் 5, 6 சதவீதத்தை ஒட்டி.

கணக்கு யார் பெயரில் என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். மைனர் மகளின் பெயரில் மியூச்சுவல் ஃபண்ட் தொடங்கினால், அவளுக்கு 18 வயது ஆகும் நாளில் எஸ்.ஐ.பி. நின்றுவிடும், அவள் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, கே.ஒய்.சி. எல்லாம் முடித்து மேஜர் கணக்காக மாற்றும்வரை பணத்தை எடுக்கவும் முடியாது. கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய அதே மாதங்களில்தான் இந்த முடக்கம் வந்து சேரும். அதுவரை மைனரின் வருமானம் எப்படியும் பெற்றோரின் வருமானத்தோடு சேர்த்தே வரி கணக்கிடப்படுவதால், மகள் பெயரில் வைப்பதில் வரிச் சலுகை பெரிதாக இல்லை. பெற்றோரில் ஒருவர் பெயரில், மற்றவரை நாமினியாக வைத்து, படிப்புக்கும் திருமணத்துக்கும் தனித்தனி ஃபோலியோ திறந்துகொண்டால் இரண்டு கணக்கின் படிகளையும் ஒன்றோடொன்று கலக்காமல் இறங்கலாம்.